ஆண்டிறுதியில் டொலர் மீதிகளை மறுமதிப்பிடுவது எப்படி? ஒரு தேயிலைப் பட்டியலை வைத்து ஒரு விளக்கம்

சென்ற ஏப்ரலில் தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். கணக்குப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. "அண்ணா, மறுமதிப்பீடு ஓட்டிவிட்டேன். நட்டக் கணக்கில் நாற்பதாயிரம் ஏறியிருக்கிறது. ஆனால் வாடிக்கையாளர் கணக்கில் ஒரு சதம்கூட மாறவில்லை. எங்கே தவறு செய்தேன்?" என்று கேட்டார். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஏன் என்பதை விளங்கிக்கொண்டால் இந்த வேலையில் பாதி விளங்கிவிடும்.

கதை இதுதான். ஹட்டன் பக்கத்தில் சொந்தமாகப் பொதிசெய்து ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு தேயிலை நிறுவனம், மார்ச் 12ஆம் திகதி ஜெர்மனியில் உள்ள ஒருவருக்கு 10,000 டொலருக்குப் பட்டியல் அனுப்புகிறது. அன்று ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (கணக்கு எளிதாக இருக்கவே இந்த வீதங்கள்). பேரேட்டில் வருமதி 3,000,000 ரூபாய். மார்ச் 31இல் நிதியாண்டு முடிகிறது, பணம் இன்னும் வரவில்லை. அன்றைய வீதம் 296. பணம் ஏப்ரல் 22இல் வருகிறது, அன்றைய வீதம் 303.

இலங்கைக் கணக்கீட்டு நியமம் 21 சொல்வது இதுதான்: பணமாகவே வரவோ போகவோ வேண்டிய வெளிநாட்டு நாணய மீதிகளை ஆண்டிறுதி நாளின் வீதத்தில் காட்ட வேண்டும். வித்தியாசம் அந்தக் காலத்தின் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். 2022 மார்ச்சில் கணக்கு முடித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மாதத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது.

சாப் மென்பொருளை வைத்து விளக்குகிறேன். வேறு மென்பொருள்களில் திரையின் பெயர் மாறும், தர்க்கம் மாறாது. இன்னொன்று: நம் பாடசாலைப் புத்தகத்தில் வரவு என்பது டெபிட், தமிழ்நாட்டுப் புத்தகங்களில் வரவு என்பது கிரெடிட். இந்தச் சண்டைக்குள் போகாமல் டெபிட், கிரெடிட் என்றே எழுதுகிறேன்.

படி 1: வீதத்தைப் பதிவுசெய்தல்

`OB08` திரையில் மார்ச் 31 திகதியிட்டு 1 டொலர் = 296 ரூபாய் என்று பதியுங்கள். எந்த வீத வகையின் கீழ் பதிகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள்; மறுமதிப்பீட்டு முறை எந்த வகையைப் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறதோ, அதன் கீழேயே பதிய வேண்டும்.

ஆரம்பநிலையாளர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். அந்தத் திகதிக்கு வீதம் இல்லாவிட்டால் மென்பொருள் கத்தாது. அதற்கு முன் கடைசியாகப் பதிந்த வீதத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். பெப்ரவரி வீதத்தில் மார்ச் கணக்கு முடிந்துவிடும். 2024இல் மார்ச் 31 உயிர்த்த ஞாயிறு. 29 பெரிய வெள்ளி, வங்கி விடுமுறை. கடைசி வேலைநாள் 28 வியாழன். இப்படியான ஆண்டுகளில் எந்த நாளின் வீதம், மத்திய வங்கியினதா உங்கள் வங்கியினதா, வாங்கும் வீதமா விற்கும் வீதமா என்பதை முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொரு முறையும் அதையே பின்பற்றுங்கள்.

படி 2: கணக்குகள் எங்கே போகும் என்று பார்த்தல்

`OBA1` திரையில் `KDF` என்ற குறியீட்டின் கீழ், வருமதிக் கட்டுப்பாட்டுக் கணக்குக்கு எதிரே மதிப்பீட்டு இலாபக் கணக்கு, மதிப்பீட்டு நட்டக் கணக்கு, ஐந்தொகைச் சீராக்கக் கணக்கு ஆகியவை இருக்கும். தம்பியின் கேள்விக்கு விடை அந்தச் சீராக்கக் கணக்குத்தான். கட்டுப்பாட்டுக் கணக்கில் நேரடியாகப் பதிய மென்பொருள் விடாது. அது வாடிக்கையாளர் கணக்குகளின் கூட்டுத்தொகையோடு எப்போதும் பொருந்தி நிற்க வேண்டும். ஆகவே 40,000 பக்கத்துக் கணக்கில் உட்கார்கிறது. ஐந்தொகையில் இரண்டும் ஒரே வரியில் கூட்டப்பட்டு 2,960,000 ஆகத் தெரியும்.

படி 3: ஓட்டம்

`FAGL_FCV` திரையில் நிறுவனக் குறியீடு, மதிப்பீட்டுப் பகுதி, மார்ச் 31 ஆகியவற்றைக் கொடுத்து முதலில் சோதனை ஓட்டம் மட்டும் செய்யுங்கள். சோதனை ஓட்டத்தின் விளைவில் பழைய தொகை 3,000,000, புதிய தொகை 2,960,000, வித்தியாசம் 40,000 என்று வரவேண்டும். ஒரு வரியையாவது கையால் கணித்துப் பாருங்கள். சரியென்றால் உண்மையான ஓட்டம். விழும் பதிவுகள் இவை:

```
31.03  டெபிட்   மதிப்பீட்டு நட்டம்      40,000
       கிரெடிட்  வருமதிச் சீராக்கம்     40,000
01.04  டெபிட்   வருமதிச் சீராக்கம்     40,000
       கிரெடிட்  மதிப்பீட்டு நட்டம்      40,000
```

இரண்டாவது சோடியைக் கண்டு பயப்படாதீர்கள். பட்டியல் இன்னும் தீரவில்லை என்பதால் நட்டம் தற்காலிகமானது. அடுத்த நாளே திருப்பிவிடுகிறோம்.

படி 4: பணம் வந்த நாள்

ஏப்ரல் 22இல் 10,000 டொலர் வந்து பட்டியல் தீர்க்கப்படும்போது, மென்பொருள் 296ஐப் பார்ப்பதில்லை. பட்டியலின் மூல வீதமான 300ஓடு ஒப்பிட்டு, 30,000 ரூபாயை உணரப்பட்ட இலாபமாகப் பதியும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். மார்ச்சில் 40,000 நட்டம். ஏப்ரலில் திருப்பியதால் 40,000, பணம் வந்ததால் 30,000, ஆக 70,000 இலாபம். இரு காலமும் சேர்ந்து 30,000 இலாபம். 300க்கு விற்று 303க்குப் பணம் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டியது அவ்வளவே.

திருப்பும் பதிவு விழாமல் போனால்? மார்ச் நட்டம் 40,000 அப்படியே நிற்கும், ஏப்ரலில் இலாபம் 30,000 மட்டும் வரும். இலாபம் கண்ட நிறுவனம் 10,000 நட்டப்பட்டதாகக் கணக்கு சொல்லும். இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கணக்கைத் திறந்தால் போதும்: ஏப்ரல் 1 பதிவுகளுக்குப் பிறகு சீராக்கக் கணக்கின் மீதி பூச்சியமாக இருக்க வேண்டும். அங்கே 40,000 தனியாக நின்றால், எந்தப் பட்டியலும் இல்லாத ஓர் அநாதைத் தொகை அது. நான் பரீட்சை மீதியை எடுத்ததும் முதலில் தேடுவது அந்த வரியைத்தான்.

டொலர் வங்கிக் கணக்குக்குத் தனிப்பட்டியல் எதுவும் இல்லை; மொத்த மீதியையே அன்றைய வீதத்தோடு ஒப்பிடுவார்கள். அதற்கான கணக்கமைப்பு `KDB` குறியீட்டின் கீழ் இருக்கிறது.

மறுமதிப்பிடக் கூடாத ஒன்று

அதே நிறுவனம் பெப்ரவரியில், தேயிலையை நிறத்தால் பிரிக்கும் இயந்திரத்துக்காக இந்திய வழங்குநர் ஒருவருக்கு 5,000 டொலர் முற்பணம் அனுப்பியது. வீதம் 298, ஆக 1,490,000 ரூபாய். இது திரும்பப் பணமாக வரப்போவதில்லை, இயந்திரமாக வரப்போகிறது. ஆகவே 298இலேயே நிற்க வேண்டும். இயந்திரத்தின் கிரயத்தில் இந்தப் பகுதி 298இலேயே சேரும்.

ஆனால் இதைச் சாதாரணக் கொடுப்பனவாக வழங்குநர் கணக்கில் பதிந்திருந்தால், ஓட்டம் அதையும் திறந்த உருப்படி என்று நினைத்து 296க்கு இழுத்து, 10,000 ரூபாய் பொய் நட்டம் காட்டும். `F-48` வழியாக முற்பணமாகவே பதியுங்கள். அது தனிக் கட்டுப்பாட்டுக் கணக்கில் நிற்கும். அந்தக் கணக்கை ஓட்டத்தின் தெரிவிலிருந்து விலக்கிவிடலாம். சோதனை ஓட்டத்தின் விளைவில் வழங்குநர் பக்கத்தில் டெபிட் மீதி ஒன்று தெரிந்தால், அது இப்படி வழிதவறி வந்த முற்பணமா என்று பாருங்கள்.

ஒரு விலக்கு உண்டு. கட்டளை இரத்தாகி, வழங்குநர் 5,000 டொலரைத் திருப்பித் தருவதாக உறுதியாகிவிட்டால், அன்றிலிருந்து அது பணமாக வரவேண்டிய வருமதி. அதை முற்பணக் கணக்கிலிருந்து வெளியே எடுங்கள்; அடுத்த ஓட்டத்தில் அதுவும் மற்றப் பட்டியல்களோடு மதிப்பிடப்படட்டும்.