லேத் நாளைக்கு ஓடுமா? மாறுதல் அணியிலிருந்து நீண்டகாலக் கணக்கு போடுவது எப்படி

ஒரு பட்டறையில் ஒரு லேத் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு உட்பட தினமும் ஓடுகிற பட்டறை. சாயங்காலம் ஆனதும் ஆபரேட்டர் நோட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதுகிறார்: நன்றாக ஓடினால் "ஓட்டம்", ஓடினாலும் ஸ்பிண்டில் பேரிங்கில் சத்தம் வந்து அளவு பிசகினால் "இரைச்சல்", நின்றுபோனால் "நிறுத்தம்". 251 நாள் எழுதியாயிற்று. முதல் நாளும் கடைசி நாளும் ஓட்டம். 300 நாளில் எத்தனை நாள் இந்த லேத் நிற்கும், எதை மாற்றினால் அது குறையும் என்பதுதான் நமக்கு வேண்டும்.

முதலில் எண்ணுங்கள்

நோட்டை நாள் நாளாகப் படிக்காமல் ஜோடி ஜோடியாகப் படியுங்கள். இன்று என்ன, மறுநாள் என்ன, அவ்வளவுதான். 251 நாளில் 250 ஜோடிகள் கிடைக்கும்.

| இன்று ↓ / நாளை → | ஓட்டம் | இரைச்சல் | நிறுத்தம் | மொத்தம் |
|---|---|---|---|---|
| ஓட்டம் | 180 | 15 | 5 | 200 |
| இரைச்சல் | 9 | 15 | 6 | 30 |
| நிறுத்தம் | 11 | 0 | 9 | 20 |

ஒவ்வொரு நிரையையும் அதன் மொத்தத்தால் வகுத்தால் மாறுதல் அணி வந்துவிடும், அதாவது இன்று இந்த நிலை என்றால் நாளை எந்த நிலை என்பதற்கான நிகழ்தகவுகள். முதல் நிரை 0.9, 0.075, 0.025, இரண்டாவது 0.3, 0.5, 0.2, மூன்றாவது 0.55, 0, 0.45. ஒவ்வொரு நிரையும் கூட்டினால் 1 வரவேண்டும், வராவிட்டால் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது, மேலே போகாதீர்கள்.

நாட்களை ஓட்டிப் பாருங்கள்

இன்று லேத் நின்று கிடக்கிறது. அதாவது நம் நிலை (0, 0, 1). இதை அணியோடு பெருக்கினால் நாளைய நிகழ்தகவு, அதையே மறுபடி பெருக்கினால் நாளன்றைக்கு, இப்படியே போகலாம்.

```python
import numpy as np

P = np.array([[0.90, 0.075, 0.025],
              [0.30, 0.50,  0.20],
              [0.55, 0.00,  0.45]])
x = np.array([0, 0, 1.0])
for n in range(1, 13):
    x = x @ P
    print(n, x.round(3))
```

முதல் நாள் ஓட்டத்துக்கு 0.55, இரண்டாம் நாள் 0.74, மூன்றாம் நாள் 0.80 என்று ஏறி, பன்னிரண்டாம் நாளுக்குள் மூன்று எண்களும் 0.8, 0.12, 0.08 என்று அசையாமல் நின்றுவிடும். தொடக்கத்தை (1, 0, 0) என்று மாற்றி ஓட்டினாலும் அங்கேதான் வந்து நிற்கும். இதைத்தான் நிலைத்த பரவல் என்கிறார்கள். லேத் ஒரே நிலையில் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை, அது பாட்டுக்கு மாறிக்கொண்டேதான் இருக்கும். மாறாமல் நிற்பது நம் நிகழ்தகவுகள் மட்டும்.

`x @ P` என்பதை `P @ x` என்று திருப்பி எழுதுவதுதான் புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தொடக்கமாக மூன்றிலும் 1/3 கொடுத்துப் பாருங்கள். திருப்பி எழுதியிருந்தால் எந்த அணியாக இருந்தாலும் 0.333-லேயே ஒட்டிக்கொண்டு நகராது, ஏனென்றால் நிரைகளின் கூட்டுத்தொகை 1.

கையால் போடும் வழி

கணினி இல்லாமலும் போடலாம், சொல்லப்போனால் விஷயம் புரிவது இப்போதுதான். நீண்ட காலத்தில் ஒரு நிலைக்குள் வருகிற அளவும் அதிலிருந்து வெளியே போகிற அளவும் சமமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ இருக்கும். ஓட்டத்தின் பங்கை a, இரைச்சலை b, நிறுத்தத்தை c என்று வைப்போம். இரைச்சலுக்குள் வருவது ஓட்டத்திலிருந்து மட்டும்தான், வெளியே போவது பாதி:

```
0.5 b = 0.075 a            →  b = 0.15 a
0.55 c = 0.025 a + 0.2 b   →  c = 0.1 a
a + b + c = 1              →  1.25 a = 1
```

a = 0.8, b = 0.12, c = 0.08. ஓட்டத்துக்கும் ஒரு சமன்பாடு எழுதலாம், ஆனால் அது புதிதாக எதுவும் சொல்லாது, மற்ற இரண்டிலிருந்தே வந்துவிடும். அதனால்தான் மூன்றாவதாக "மொத்தம் 1" தேவைப்படுகிறது.

இதற்கு எதற்கு அணி?

நியாயமான கேள்வி. நோட்டிலேயே 250-ல் 20 நாள் நிறுத்தம், வகுத்தால் 0.08. அதே விடைக்கு இத்தனை சுற்றா? ஒரே நோட்டிலிருந்து எண்ணிய அணி எப்போதுமே நோட்டின் விகிதத்தையே கிட்டத்தட்ட திருப்பித் தரும். 1913-ல் மார்க்கோவ் என்ற கணிதவியலர் ஒரு ரஷ்யக் கவிதை நாவலில் 20,000 எழுத்துகளை உயிர், மெய் என்று எண்ணியபோதும் இப்படித்தான், எண்ணிக்கையும் இதே மாறுதல் கணக்கும் இரண்டும் 43 சதவீத உயிரெழுத்து என்றே சொல்லின.

இன்னும் நடக்காததைக் கேட்கும்போதுதான் அணி வேலை செய்கிறது. சத்தம் கேட்ட அன்றைக்கே பேரிங்கைப் பார்த்துவிட்டால் இரைச்சல் நிரை 0.7, 0.2, 0.1 ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். முதலாளியோ, அதெல்லாம் வேண்டாம், நின்றபிறகு வேகமாகச் சரிசெய்ய ஆள் போடுகிறேன், நிறுத்தம் நிரையை 0.8, 0, 0.2 ஆக்குகிறேன் என்கிறார். மேலே உள்ள மூன்று வரிகளையும் இரண்டு முறை போட்டுப் பாருங்கள். மெக்கானிக் வழியில் நிறுத்தம் 0.054, முதலாளி வழியில் 0.056. முன்பு 300 நாளில் 24 நாள் நின்ற லேத், இப்போது முறையே 16, 17 நாள் நிற்கும். இதில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரைச்சல் நாட்களைப் பாருங்கள்: மெக்கானிக் வழியில் 24, முதலாளி வழியில் 37. அளவு பிசகி ரிஜெக்ட் ஆகிற பீஸெல்லாம் அந்த நாட்களில்தான் வருகிறது, ஆகவே நான் மெக்கானிக் பக்கம்.

எங்கே சறுக்கும்

இந்தக் கணக்கு ஒன்றை நம்பி நிற்கிறது: நாளை என்ன என்பதற்கு இன்றைய நிலை தெரிந்தால் போதும், நேற்று தேவையில்லை. அது உண்மையா என்று நோட்டையே கேட்கலாம். லேத் 11 தடவை நின்றிருக்கிறது, மொத்தம் 20 நாள். அந்த 11-ஐத் தனித்தனியாகப் பார்த்தால் 8 தடவை ஒரே நாளில் சரியாகிவிட்டது, மீதி 3 தடவை ஒவ்வொன்றும் நான்கு நாள் நின்றிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடி எண்ணிக்கை அப்படியே இருக்கும், அணியும் அதேதான், 0.08-ம் அதேதான். ஆனால் லேத் நின்று இரண்டாம் நாள் ஆகிறது, நாளைக்கு ஓடுமா என்று கேட்டால் அணி 0.55 என்று சொல்லும்; நோட்டிலோ அப்படி ஒரு தடவைகூட ஓடியதில்லை, அந்த மூன்று தடவையும் வெளியூரிலிருந்து பார்ட்ஸ் வரக் காத்திருந்தது.

அப்படியென்றால் நிறுத்தத்தை உடைக்கவேண்டும். "நின்ற முதல் நாள்" ஒரு நிலை, அதிலிருந்து 8/11 ஓட்டத்துக்கு, 3/11 "காத்திருப்பு 1"-க்கு. அங்கிருந்து நிச்சயமாகக் காத்திருப்பு 2, பிறகு காத்திருப்பு 3, பிறகு ஓட்டம். இரைச்சலோடு சேர்த்து ஆறு நிலை, 6×6 அணி, அதே நிரல்தான், `x`-இல் ஆறு எண்கள்.