கட்டண லிங்க் அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி: தொகை, காரணம், கெடு மூன்றும் கண்ணில் படும்படி எழுதுவது எப்படி?

காரைக்குடியில் என் அத்தை வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். தீபாவளிக்கு முன் தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று ஆர்டர் குவியும். முன்பணம் வாங்க அவர் அனுப்பி வந்த செய்தி இது:

```
வணக்கம். தங்கள் ஆர்டருக்கு நன்றி. கீழே உள்ள
லிங்க்கில் பணம் செலுத்தவும். லிங்க் விரைவில்
காலாவதியாகும்.
https://pay.example/k7Qm2
```

மரியாதையான செய்திதான். ஆனால் பணம் வராது, போன்தான் வரும். "எவ்வளவு?", "முழுத்தொகையா, அட்வான்ஸா?", "இது உங்கள் லிங்க்தானா?" என்று அத்தைக்கு அடுப்படியில் நிற்க நேரமே இருக்காது.

இந்தப் பக்கத்தில் ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர். பள்ளத்தூரில் இருக்கும் அம்மா ஆர்டர் சொல்வார். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகன் கட்டுவார். அம்மா செய்தியை அப்படியே மகனுக்கு ஃபார்வர்டு செய்வார். அத்தையிடம் பேசாத அந்த மகனுக்கும் ஒரே பார்வையில் புரிய வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அவருக்காகத்தான்.

லிங்க் உருவாக்குவதை நான் விளக்கப் போவதில்லை. உங்கள் கட்டணச் சேவையின் பக்கத்தில் அது இரண்டு நிமிட வேலை.

படி 1: முதல் வரியில் தொகையும் காரணமும்

அறிவிப்பிலும் உரையாடல் பட்டியலிலும் செய்தியின் தொடக்கம் மட்டுமே தெரியும். அந்த இடத்தை "வணக்கம், நன்றி" எடுத்துக்கொண்டால் தொகை உள்ளே மறைந்துவிடும். வணக்கத்தை இரண்டாம் வரிக்குத் தள்ளுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் வரியில் ஒரே ஒரு தொகைதான் இருக்க வேண்டும். "மொத்தம் ரூ.6,900, அதில் பாதி முன்பணம்" என்று எழுதினால் கட்டுபவர் கணக்குப் போட வேண்டியிருக்கும். லிங்க்கைத் திறந்தால் என்ன தொகை தெரியுமோ அதையே எழுதுங்கள். மொத்தமும் மீதியும் கீழே வரட்டும். தொகையின் இருபுறமும் நட்சத்திரக் குறி இட்டால் வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்தாகும். தொகைக்கும் கெடுவுக்கும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். எல்லாவற்றையும் தடிமனாக்கினால் எதுவும் தனித்துத் தெரியாது.

படி 2: கெடு

அதிகம் சறுக்குவது இங்கேதான். "விரைவில் காலாவதியாகும்" என்பது மோசடிக்காரர்கள் விரும்பி எழுதும் வாக்கியம். படித்ததும் சந்தேகம்தான் வரும். "24 மணி நேரத்துக்குள்" என்பதும் உதவாது. அம்மா காலையில் பார்த்து இரவில் ஃபார்வர்டு செய்தால், மகன் எந்த நேரத்திலிருந்து எண்ணுவார்? தேதி, கிழமை, மணி மூன்றையும் எழுதுங்கள்: "15 அக்டோபர் 2025, புதன், மாலை 6 மணி". தேதியில் தவறு நேர்ந்தால் கிழமை காட்டிக்கொடுத்துவிடும். "இரவு 12 மணி" வேண்டவே வேண்டாம். அது அன்றைய இரவா, மறுநாளின் தொடக்கமா என்று வீட்டுக்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். வெளிநாட்டுக்குப் போகும் செய்தி என்றால் "இந்திய நேரம்" என்று சேருங்கள். நமக்கு மாலை 6 என்றால் சிங்கப்பூரில் இரவு 8.30.

அடுத்தது, செய்தியில் சொன்ன நேரத்தில்தான் லிங்க் உண்மையில் மூடுகிறதா என்பது. சேவையின் பக்கத்தில் நாட்காட்டியைத் தொட்டுத் தேர்ந்தெடுப்பவர்களுக்குப் பெரிதாகச் சிக்கல் இல்லை. கணினி நிரல் வழியாக உருவாக்குபவர்கள் கவனிக்க வேண்டும். ரேசர்பே சேவைக்கு அனுப்ப வேண்டியவற்றில் நம் விஷயத்துக்கு உரியவை இவை:

```
"amount": 345000,
"currency": "INR",
"description": "தீபாவளி பலகாரம் - முன்பணம்",
"expire_by": 1760531400
```

தொகை பைசாவில் இருக்கிறது. 3450 என்று கொடுத்தால் லிங்க் ரூ.34.50 கேட்கும். கெடு, யுனிக்ஸ் நேரம் எனப்படும் விநாடிக் கணக்கில் இருக்கிறது. சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. அங்கே "மாலை 6" என்று கணக்கிட்டால் லிங்க் நம் ஊர் நேரப்படி இரவு 11.30 வரை திறந்திருக்கும். 6 மணிக்கு ஆர்டரை மூடி மாவு அளந்து முடித்த பிறகு பணம் வந்து விழும். லினக்ஸ் கணினியில் நேர மண்டலத்தையும் சேர்த்துக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை:

```
TZ=Asia/Kolkata date -d '2025-10-15 18:00' +%s
```

விடை 1760531400 என்று வர வேண்டும். 1760551200 வந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். லிங்க் மூடினால் ஆர்டரே ரத்தா, அல்லது புதிய லிங்க் கேட்கலாமா? இரண்டும் வேறு வேறு.

படி 3: திரையில் தெரியப்போகும் பெயர்

கடைக்கு ஒரு பெயர், வங்கிக் கணக்குக்கு வேறு பெயர் என்பது வீட்டுத் தொழிலில் சகஜம். கட்டணப் பக்கத்தில் அறிமுகமில்லாத பெயரைக் கண்டதும் மகன் கையை எடுத்துவிடுவார், அது நியாயமும்கூட. நீங்களே ஒரு ரூபாய் லிங்க் ஒன்றைத் திறந்து, அங்கே தெரியும் பெயரை எழுத்துப் பிசகாமல் செய்தியில் சேருங்கள்.

படி 4: லிங்க் தனி வரியில், ஆனால் அதே செய்தியில்

லிங்க்கைத் தனிச் செய்தியாக அனுப்பினால் அது மட்டும் ஃபார்வர்டு ஆகும். விவரம் அம்மாவின் போனிலேயே தங்கிவிடும். முகவரியின் வாலில் "-இல்", "-ஐ" போன்ற உருபுகளை ஒட்டாதீர்கள். ஒட்டிய எழுத்துகளும் முகவரியோடு சேர்ந்து லிங்க் திறக்காமல் போகலாம்.

எல்லாம் சேர்ந்தால் செய்தி இப்படி வரும்:

```
*ரூ.3,450* – தீபாவளி பலகார முன்பணம்
வணக்கம். ஆர்டர்: தேன்குழல், மனகோலம், அதிரசம்
(பள்ளத்தூர் வீட்டுக்கு)
கட்ட வேண்டிய கெடு: *15 அக்டோபர் 2025, புதன், மாலை 6 மணி (இந்திய நேரம்)*
அதன் பிறகு லிங்க் திறக்காது; ஆர்டரும் ரத்தாகும்.
மொத்தம் ரூ.6,900. மீதி ரூ.3,450 பெட்டி வாங்கும்போது.
திரையில் தெரியும் பெயர்: (வங்கிக் கணக்கின் பெயர்)

https://pay.example/k7Qm2
```

சிரிப்பு முகங்கள், விளக்குப் படங்கள் எதுவும் இல்லை. பணம் கேட்கும் செய்திக்கு அவை வேண்டாம் என்பது என் பிடிவாதம். இதையே வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விரைவுப் பதிலாகச் சேமித்துவிட்டால், தொகை, பொருள், கெடு, லிங்க் ஆகியவற்றை மட்டும் மாற்றி அனுப்பலாம். முந்தைய வாடிக்கையாளருக்கு அனுப்பியதை நகலெடுத்துத் திருத்துவதைவிட இது பாதுகாப்பானது. அப்படி நகலெடுக்கும்போது பழைய லிங்க் மாறாமல் அப்படியே போய்விடும்.

பின்சேர்க்கை

கட்டணச் சேவை இல்லாமல் யூபிஐ முகவரியையே லிங்க்காக அனுப்பலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். அதன் வடிவம் இது:

```
upi://pay?pa=NAME@BANK&pn=NAME&am=3450.00&cu=INR&tn=Advance
```

தொகை இங்கே ரூபாயில் வரும், பைசாவில் அல்ல. ஆனால் வாட்ஸ்அப் இதைத் தொடக்கூடிய லிங்க்காக மாற்றாது. வெறும் எழுத்தாகவே நிற்கும். இதை கியூஆர் படமாக்கி, மேலே உள்ள விவரத்தைப் படத்தின் கீழ்க்குறிப்பாக எழுதி அனுப்பலாம். இந்தச் சாதாரண வடிவத்தில் கெடு வைக்க இடமில்லை, 15ஆம் தேதிக்குப் பிறகும் பணம் வரும். அதனால் கெடு வரியில் "லிங்க் திறக்காது" என்பதை எடுத்துவிட்டு, "அதன் பிறகு அனுப்பும் பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுதுங்கள்.

கூரியர் செலவு கூடித் தொகை மாறினால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். பழைய லிங்க்கை முதலில் சேவையின் பக்கத்தில் ரத்து செய்யுங்கள், பிறகு புதியதை அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் செய்தியை அழித்தால் மட்டும் போதாது. அம்மா ஏற்கெனவே ஃபார்வர்டு செய்த பிரதி மகனின் போனில் இருக்கும், அந்த லிங்க்கும் பணம் வாங்கிக்கொள்ளும்.