வெள்ளைச் சட்டைக்குள் பனியன் தெரிகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பனியன்தான் பொருத்தம் என்ற எண்ணமே இந்த விஷயத்தில் நடக்கும் முதல் தவறு. பெரும்பாலோர் பழக்கத்தால் இதைச் செய்கிறார்கள். ஆனால் மெல்லிய சட்டைக்குள் பளிச்சென்று வெளியே தெரிவது அந்த வெள்ளைப் பனியன்தான்.

மெல்லிய வெள்ளைத் துணி தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கை உள்ளே விடுகிறது. உள்ளே சென்ற ஒளி உடலில் பட்டுத் திரும்பும்போது தோல் அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளைப் பனியனோ ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்புகிறது. ஆகவே பனியன் இருக்கும் இடம் வெளுப்பாகவும் அது முடிந்த இடம் மங்கலாகவும் தெரிய, இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு விழுகிறது. நம் கண் கண்டுபிடிப்பது பனியனை அல்ல, அந்தக் கோட்டைத்தான். தோல் நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு அழுத்தமாக அந்தக் கோடு தெரியும். சந்தன நிறச் சட்டையில் நிலைமை இன்னும் மோசம்: புதுப் பனியனில் சேர்க்கப்பட்டிருக்கும் வெண்மையூட்டி வெயிலில் நீலச்சாயலோடு ஒளிர்வதால், மஞ்சள் கலந்த வெளிர் துணிக்குள் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

எனவே தேட வேண்டியது சட்டையின் நிறத்தை அல்ல, நம் தோலின் நிறத்தை. தோல் நிறத்திலேயே பனியன் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சாம்பல் நிறம் போதும். மாநிறத்தவருக்கு நடுத்தரச் சாம்பலும், கருமையான தோலுக்கு அடர் சாம்பலும் அல்லது பழுப்பும், வெளுத்த தோலுக்கு இளஞ்சாம்பலும் பொதுவாக ஒத்துப்போகும். இங்கே பலர் முகத்தையோ முன்கையையோ வைத்து நிறத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். வெயில் படாத நெஞ்சும் தோளும் அவற்றைவிட வெளுப்பாக இருப்பதே வழக்கம். சட்டைக்குள் இருப்பதும் அவைதான். சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பனியனின் ஓரம் நடுத்தோளில் வரும்படி வைத்து, அதன்மேல் சட்டைத் துணியை ஒற்றை மடிப்பாகப் போர்த்தி, ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். ஓரம் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தால் அந்த நிறம் சரி.

என் நண்பர் ஒருவர் மாநிறம். மெல்லிய வெள்ளை அரைக்கைச் சட்டைதான் அவருக்குப் பிடிக்கும். முண்டா பனியன் அணிந்தபோது தோள்பட்டையும் முதுகில் அதன் வளைவும் வரைந்து வைத்ததுபோல் தெரிந்தன. அக்குள் வியர்வையும் தடுக்க ஆளில்லாமல் நேரே சட்டைக்குச் சென்றது. அடுத்து அவர் வாங்கியது சாம்பல் நிறத்தில் வட்டக் கழுத்தும் கையும் வைத்த பனியன். நிறம் மறைந்துவிட்டது, ஆனால் மேல் பொத்தானைத் திறந்ததும் காலருக்கு நடுவில் ஒரு சாம்பல் வளையம் எட்டிப் பார்த்தது; கையை உயர்த்தினால் சட்டைக்கைக்குக் கீழே பனியன் கையும் வெளியே வந்தது. மூன்றாவதாக வாங்கிய வி கழுத்துப் பனியனில்தான் பிரச்சினை தீர்ந்தது.

வி கழுத்திலும் ஆழம் முக்கியம். நீங்கள் வழக்கமாகப் பூட்டும் முதல் பொத்தானுக்கு இரண்டு விரல் கீழே அதன் முனை நிற்க வேண்டும். கடையில் நேராக நின்று மட்டும் பார்த்துவிட்டு வாங்குவது தவறு. உட்கார்ந்து கைகளை முன்னே நீட்டிப் பார்த்தால் பனியன் பின்னால் இழுபட்டுக் கழுத்து மேலேறுவது தெரியும். கழுத்துப் பட்டையில் தடித்த ரிப் இருந்தால், பொத்தான்களை முழுக்கப் பூட்டி டை கட்டியிருந்தாலும் அது காலருக்குக் கீழே புடைத்து நிற்கும்.

கையைப் பொறுத்தவரை, அக்குளை முழுவதும் மூடி, சட்டைக்கையைவிட மூன்று விரலாவது குட்டையாக இருப்பதே அளவு. முழுக்கைச் சட்டையில் நீளம் பற்றிய கவலை இல்லை, ஆனால் ஓரத் தையல் காட்டிக்கொடுக்கும். துணியை இரண்டு முறை மடித்துத் தைத்த ஓரம் மூன்று அடுக்குத் தடிமனாகி, நிறம் பொருந்தியிருந்தாலும் புஜத்தில் வரம்பு கட்டியதுபோல் நிற்கிறது. மடிக்காமல் வெட்டிவிட்ட ஓரமோ மெல்லிய ஒற்றைத் தையலோ உள்ள பனியனை உடலை ஒட்டிய அளவில் எடுத்தால் இந்த மேடு வராது. தொளதொளவென்ற பனியனில் சுருக்கங்கள் விழுந்து, அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடாகத் தெரியும்.

வியர்வைக்கும் ஓர் எச்சரிக்கை. நனைந்த துணியில் இழைகளுக்கு இடையே காற்றுக்குப் பதில் நீர் நிறைவதால் ஒளி சிதறுவது குறைந்து, சட்டை இன்னும் ஊடுருவித் தெரியும். உலர்ந்த நிலையில் ஓரளவுக்கு ஒத்துப்போன நிறம் அப்போது வெளிப்பட்டுவிடும். அதிகம் வியர்ப்பவர்கள் சட்டையின் ஒரு மூலையை நனைத்து அதே ஜன்னல் சோதனையைச் செய்து பார்த்துவிடலாம். பின்கழுத்தில் தைத்திருக்கும் வெள்ளைச் சீட்டையும் அப்போதே கவனியுங்கள். சாம்பல் பனியனில் அது மட்டும் சிறு சதுரமாக முதுகில் தெரிந்தால், தையலைப் பிரித்து எடுத்துவிட வேண்டியதுதான்.