கடையை இடம் மாற்றியதும் காப்புறுதிக் கம்பனிக்கு எழுதும் கடிதம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எமது கடையின் முகவரி மாறியுள்ளது, புதிய முகவரியைப் பதிந்துகொள்ளவும்" என்று இரண்டு வரியில் எழுதி அனுப்புவதே இவ்விடயத்தில் நிகழும் முதலாவது தவறும் பெரிய தவறும் ஆகும். இக்கடிதத்தைப் பெறும் எழுதுவினைஞர் கடிதப் போக்குவரத்துக்கான முகவரியை மட்டும் மாற்றிவிடக்கூடும். அதன்பின் கட்டுப்பண அறிவித்தல் புதிய கடைக்கே வந்து சேருவதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று உரிமையாளர் எண்ணிவிடுவார். பத்திரத்தின் அட்டவணையிலோ காப்புறுதி செய்யப்பட்ட இடமாகப் பழைய கடையே இருக்கும். தீக்காப்புறுதியின் வழமையான நிபந்தனைப்படி, வேறு கட்டடத்துக்குக் கொண்டுசென்ற பொருளுக்கு, இழப்பு நேருமுன் கம்பனி எண்டோஸ்மென்ட் எனப்படும், பத்திரத்தோடு சேர்க்கப்படும் எழுத்துமூலத் திருத்தத்தின் மூலம் சம்மதித்திருந்தால் மட்டுமே காப்பு உண்டு.

ஆகவே, காப்புறுதிப் பத்திர இலக்கத்தைக் குறிப்பிட்டு, "காப்புறுதி செய்யப்பட்ட இடத்தை மாற்றி எண்டோஸ்மென்ட் வழங்குமாறு கோருகிறேன்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். தீக்கும் களவுக்கும் வெவ்வேறு பத்திரங்கள் இருந்தால் இரண்டு இலக்கங்களையும் எழுத வேண்டும்.

திருகோணமலை மத்திய வீதியிலிருந்து அனுராதபுரச் சந்திப் பக்கமாக இடம்மாறும் ஒரு ஹாட்வெயார் கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய கடையில் பெரும்பாலும் ஆணியும் குழாயும் மின்சாதனங்களுமே இருந்தன. இருப்பு 40 இலட்சம் ரூபாய். புதிய கடை பெரிதாகையால் பெயின்டும் தின்னரும் சேர்ந்து இருப்பு 60 இலட்சமாகிறது. கடிதத்தில் புதிய முகவரி மட்டுமே எழுதப்பட்டு, தொகை 40 இலட்சமாகவே விடப்படுகிறது. பின்னர் தீப்பிடித்து 15 இலட்சம் பெறுமதியான சரக்கு அழிந்தால், இருந்த சரக்கில் மூன்றில் இரண்டு பங்குக்கே காப்புறுதி செய்யப்பட்டிருந்தது என்று கணக்கிட்டு, சராசரி நிபந்தனையின்கீழ் 10 இலட்சமே கொடுப்பார்கள்; அதிலும் உரிமையாளர் தாமே ஏற்க வேண்டிய தொகை கழிக்கப்படும். மீதி 5 இலட்சத்துக்கும் அதிகமான நட்டம் கடைக்காரருடையது.

தொகை போதுமானதாக இருந்தாலும், தின்னரைக் குறிப்பிடாமல் விடுவது வேறொரு சிக்கலைக் கொண்டுவரும். எளிதில் தீப்பற்றும் பொருள் ஆபத்தின் தன்மையையே மாற்றிவிடுகிறது. "ஹாட்வெயார் பொருட்கள்" என்ற சொல் அதை வெளிப்படுத்தியதாகாது என்று கம்பனி வாதிட இடமுண்டு. எனவே இருப்பை வகை பிரித்து, விற்பனை விலையிலன்றிக் கொள்விலையில் எழுதி, தின்னர் எங்கே, ஏறக்குறைய எத்தனை லீற்றர் வைக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். தைப்பொங்கலுக்கு முன் பெயின்ட் இருப்பு கூடுமென்றால், அந்தக் கூடிய அளவையே தொகைக்கு அடிப்படையாகக் கொள்வது நல்லது. கட்டுப்பணம் சற்று உயரும் என்பதற்காக இதை மறைப்பது எவ்வகையிலும் இலாபமல்ல.

பாதுகாப்பு விபரங்களில் தவறு பெரும்பாலும் எதிர்த்திசையில் நிகழ்கிறது: இல்லாததை இருப்பதாக எழுதிவிடுகிறார்கள். "24 மணிநேரக் காவலாளி உண்டு" என்ற வரி கம்பனியின் பார்வையில் ஓர் உறுதிமொழியாகும். அது பத்திரத்தில் நிபந்தனையாக ஏறிவிட்டால், காவலாளி இரவு பத்து மணிக்கு வீடு போன நாளில் நடந்த களவுக்கான கோரிக்கை அதனாலேயே மறுக்கப்படலாம். பொருத்தவிருக்கும் கமெராவைப் பொருத்திவிட்டதாகவும் எழுதக்கூடாது. "முன்பக்கம் ரோலர் டோர், இரண்டு பூட்டுகள், பின்பக்க யன்னலுக்கு இரும்புக் கிறில் இன்னும் இடப்படவில்லை, இம்மாத இறுதிக்குள் இடப்படும்" என்று உள்ளபடி எழுதுவதே மேல். இந்த ஒரு வரிக்காக ஆள் அனுப்பிப் பார்வையிடுவார்கள் என்று சிலர் தயங்குவதுண்டு. பார்வையிட வருவது உண்மையில் கடைக்காரருக்கே சாதகமானது, ஏனெனில் பின்னர் "எமக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது.

திகதிகளில் கவனக்குறைவும் பொதுவானது. சரக்கு ஒரே நாளில் மாறுவது அரிது. சில நாட்களுக்குப் பாதி அங்கும் பாதி இங்கும் இருக்கும். புதிய இடம் எத்திகதியிலிருந்து, பழைய இடம் எத்திகதிவரை என்பதைத் தனித்தனியே எழுதி, இடைப்பட்ட நாட்களில் இரண்டு இடங்களுக்கும் காப்பு வேண்டும் என்று கேட்க வேண்டும். லொறியில் போகும் சரக்கைத் தீக்காப்புறுதி பொதுவாகக் காப்பதில்லை. அதற்கு வேறாகக் கேட்க வேண்டும். கடிதத்தைச் சரக்கு ஏற்றுவதற்கு முன்னரே கொடுத்துவிட வேண்டும். புதிய இடம் தாழ்வானதாக இருந்தால், மார்கழி மழையை எண்ணி வெள்ளக் காப்பு அங்கும் தொடருமா என்பதையும் இதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

முகவரிடம் தொலைபேசியில் சொன்னதோ, கடிதப் பிரதியில் கிளை அலுவலகம் இட்ட முத்திரையோ எண்டோஸ்மென்ட் ஆகாது. கம்பனி தரும் ஆவணம் கைக்கு வந்ததும், இடம், தொகை, சரக்கின் விபரம், பாதுகாப்பு நிபந்தனை, அமுலாகும் திகதி ஆகிய ஐந்தையும் கடிதப் பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒன்றேனும் மாறியிருந்தால் அன்றே எழுத்தில் திருத்தம் கேட்க வேண்டும். கடையின் பேரில் வங்கிக் கடன் இருந்து, பத்திரத்தில் வங்கியின் உரித்தும் பதியப்பட்டிருந்தால், எண்டோஸ்மென்டின் ஒரு பிரதியை வங்கிக்கும் கொடுக்க வேண்டும்.