இடிஎஃப் விலையும் என்ஏவி-யும் ஏன் ஒட்டுவதில்லை? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஒரு இடிஎஃப்-ஐ, அதாவது பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட் யூனிட்டை, வாங்கப் போகிறீர்கள். அதில் உள்ள பங்குகளின் மதிப்பு யூனிட்டுக்கு 250 ரூபாய், சந்தையில் விலையோ 250.25. இந்த 25 காசு எங்கிருந்து வந்தது? இதற்குத் திட்டவட்டமான கணக்கு உண்டு.

படி 1: சரியான எண்ணோடு ஒப்பிடுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். ஃபண்ட் நிறுவனம் அறிவிக்கும் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் சொத்து மதிப்பு, நாள் முடிவில் பங்குகளின் மூடல் விலையை வைத்துக் கணக்கிடப்படுவது. காலை பத்தரை மணிக்கு நீங்கள் பார்ப்பது நேற்றைய என்ஏவி. நேற்று அது 247.50 என்றால், 250.25 என்ற விலை மதிப்பைவிட 1.1 சதவீதம் கூடுதல், அதாவது பிரீமியம் போலத் தெரியும். ஆனால் இன்று காலை நிஃப்டியே ஒரு சதவீதம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்தில் iNAV என்று இருப்பதைப் பாருங்கள். அது சந்தை நடக்கும்போதே அந்த நேரத்துப் பங்கு விலைகளை வைத்துக் கணக்கிடும் என்ஏவி. பங்கு இடிஎஃப்களுக்கு இது சந்தை நேரத்தில் அதிகபட்சம் 15 விநாடித் தாமதத்தோடு வரவேண்டும் என்பது செபியின் விதி.

```
(சந்தை விலை − iNAV) ÷ iNAV × 100
(250.25 − 250.00) ÷ 250.00 × 100 = 0.10
```

ஆக, உண்மையான பிரீமியம் 0.10 சதவீதம்.

படி 2: அந்த 25 காசை ஏன் யாரும் அள்ளிக்கொள்ளவில்லை?

இடிஎஃப் யூனிட்டுகளைப் புதிதாக உருவாக்கலாம், திருப்பிக் கொடுத்துக் கலைக்கவும் செய்யலாம். இதைச் செய்பவர்கள் மார்க்கெட் மேக்கர்கள். 50 நிறுவனப் பங்குகளையும் குறியீட்டில் உள்ள விகிதத்தில் வாங்கி ஃபண்ட் நிறுவனத்திடம் ஒப்படைத்தால், அது ஒரு கட்டு யூனிட்டுகளைத் தரும். ஒரு கட்டுக்கு 50,000 யூனிட் என்று வைத்துக்கொள்வோம்.

சரி, செலவைப் பாருங்கள். பங்குகளை டெலிவரியில் வாங்க எஸ்டிடி எனும் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், அதாவது 250 ரூபாய்க்கு 25 காசு. முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், ஏறக்குறைய 4 காசு. இதிலேயே 29 காசு போய்விட்டது. 25 காசு லாபத்துக்காக 29 காசு செலவழிக்க யாரும் வரமாட்டார்கள். அந்த வித்தியாசம் அப்படியே நிற்கும்.

விலை 250.60-க்குப் போனால் கதை மாறும். 60 காசில் 29 போக 31 காசு மிச்சம். ஒரு கட்டுக்கு 15,500 ரூபாய். தரகும், பெரிய அளவில் வாங்கும்போது பங்கு விலை கொஞ்சம் ஏறுவதும் இதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். மீதி இருந்தாலே போதும். பங்கை வாங்கி, யூனிட்டை உருவாக்கி, சந்தையில் விற்பார்கள். விற்க விற்க இடிஎஃப் விலை இறங்கும். விலை iNAV-ஐவிடக் குறைந்து அந்த டிஸ்கவுண்ட் பெரிதானால் இதுவே தலைகீழாக நடக்கும்: மலிவாகக் கிடைக்கும் யூனிட்டை வாங்கிக் கலைத்து, கிடைத்த பங்குகளை விற்பார்கள். அந்த விற்பனைக்கும் 0.1 சதவீதம் எஸ்டிடி உண்டு.

ஆக, வித்தியாசம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது அதைச் சரிசெய்ய ஆகும் செலவுதான்.

படி 3: ஆர்டர் பட்டியலைத் திறங்கள்

வாங்குபவர் 249.80 கேட்கிறார், விற்பவர் 250.20 சொல்கிறார் என்றால், கடைசி வர்த்தகம் எந்தப் பக்கம் நடந்ததோ அதைப் பொறுத்து டிஸ்கவுண்டாகவோ பிரீமியமாகவோ தெரியும். வர்த்தகம் குறைந்த இடிஎஃப்களில் இந்த இடைவெளி இன்னும் அகலம். மார்க்கெட் ஆர்டர் போட்டால், மேலே இருக்கும் சில நூறு யூனிட் தீர்ந்ததும் அடுத்த, அதற்கும் அடுத்த விலைக்குத் தாவிவிடும். அதனால் இந்த விலைக்கு மேல் வாங்கவேண்டாம் என்று சொல்லும் லிமிட் ஆர்டரை iNAV-ஐ ஒட்டிப் போடுங்கள்.

படி 4: யூனிட் உருவாக்கம் திறந்திருக்கிறதா?

மேலே சொன்ன எல்லாமே, புது யூனிட் உருவாக்க முடியும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. அது நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு நாஸ்டாக் 100 போன்ற வெளிநாட்டுக் குறியீடுகளைப் பின்பற்றும் இந்திய இடிஎஃப்களே சாட்சி. நம் மியூச்சுவல் ஃபண்டுகள் அனைத்தும் சேர்ந்து வெளிநாட்டுப் பங்குகளில் 700 கோடி டாலர் வரைதான் போடலாம். 2022 தொடக்கத்தில் அந்த உச்சவரம்பு நெருங்கியதும் புதுப் பணம் வாங்குவது நிறுத்தப்பட்டது. வாங்க ஆள் இருக்கிறார்கள், புது யூனிட் இல்லை. பிரீமியத்தை இறக்க வழியும் இல்லை.

இவற்றில் இன்னொரு சிக்கல்: நம் சந்தை நடக்கும் நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருக்கும். iNAV பெரும்பாலும் முந்தைய இரவின் விலையில் நிற்க, இங்கே வர்த்தகம் செய்பவர்கள் இன்றிரவு என்ன ஆகும் என்று யூகித்து விலை சொல்வார்கள். அதனால் ஒன்றிரண்டு நாள் தெரியும் சிறு பிரீமியம் போலியாக இருக்கலாம். வாரக்கணக்கில் நிற்கும் பெரிய பிரீமியம் அப்படியல்ல. iNAV 100 இருக்கும்போது 110 கொடுத்து வாங்கினீர்கள், பிறகு உருவாக்கம் மறுபடி திறந்து பிரீமியம் கரைந்தது என்றால், குறியீடு ஒரு புள்ளிகூட இறங்காமலே உங்கள் பணத்தில் 9 சதவீதம் போயிருக்கும்.