டோட்டல் டேலி ஆனாலும் டே குளோஸ் போடாதீர்கள்: நைட் ஆடிட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு நடுத்தர ஹோட்டல், ராத்திரி ஒன்றரை மணி. ரிசப்ஷனில் இருக்கும் தம்பி, "டோட்டல் டேலி ஆயிருச்சுங்கண்ணா, டே குளோஸ் போட்டுறட்டுங்களா?" என்று கேட்கிறான். அன்றைய வரவைச் சரிபார்த்து, சாஃப்ட்வேரில் அந்த நாளை முடித்து டே குளோஸ் போடுவதுதான் நைட் ஆடிட். அதில் நடக்கும் பாதித் தவறுகள் இந்த இடத்தில்தான் நடக்கின்றன. டோட்டல் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறோம்.

அன்றைய கணக்கைப் பார்ப்போம். சாஃப்ட்வேரில் கேஷ் 18,300, கார்டு 46,760, யுபிஐ 31,450, மொத்தம் 96,510 ரூபாய். கையில் இருப்பதும் அதே 96,510தான். ஆனால் தலைப்பு வாரியாகப் பிரித்தால் கதை வேறு. கேஷ் சரியாக இருக்கிறது. கார்டு மெஷினில் விழுந்த ஸ்வைப்புகளின் மொத்தத்தைக் காட்டும் பேட்ச் ஸ்லிப்பில் 44,240தான் வந்திருக்கிறது. யுபிஐ ரிப்போர்ட்டில் 33,970 இருக்கிறது. ஒரு பக்கம் 2,520 குறைகிறது, இன்னொரு பக்கம் அதே 2,520 கூடுகிறது. அதனால்தான் மொத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை.

2,520 என்றதும் மனதில் பட வேண்டும்: அது 2,400 ரூபாய் ரூமுக்கு 5% ஜிஎஸ்டி சேர்த்த தொகை. அந்த வாடகையில் அன்று செக்-அவுட் ஆன ரூம்களை மட்டும் முதலில் பாருங்கள். அதில் கிடைக்கவில்லை என்றால், மெஷினிலிருந்து பேட்ச் மொத்தத்தை மட்டும் எடுக்காமல் டீடெயில் ரிப்போர்ட் எடுத்து, சாஃப்ட்வேரின் கார்டு வரிகளோடு ஒவ்வொன்றாக டிக் போட வேண்டும். டிக் விழாமல் நிற்கும் வரிதான் நாம் தேடுவது. இங்கே அது ரூம் 207. கெஸ்ட் கார்டைக் கொடுத்திருக்கிறார். ஸ்லிப் வருவதற்குள் பையன் சாஃப்ட்வேரில் 'கார்டு' என்று போட்டுவிட்டான். மெஷினில் டிக்ளைன் ஆகியிருக்கிறது. கெஸ்ட் க்யூஆர் ஸ்கேன் செய்து பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். பணம் வந்துவிட்டது, தலைப்புதான் மாறிப்போனது.

பணம்தான் வந்துவிட்டதே என்று இதை விட்டால் என்ன ஆகும்? அக்கவுண்ட்ஸில் பேங்க் ஸ்டேட்மெண்ட் பார்க்கும்போது கார்டு வரவு குறையும். யுபிஐயில் யாருடையது என்று தெரியாத ஒரு தொகை நிற்கும். நாலு நாள் கழித்து அந்த கெஸ்ட் போன் செய்து, "கார்டுலயும் பணம் போயிருச்சுங்களே" என்று கேட்டால், நம் சாஃப்ட்வேர் 'ஆமாம், கார்டில் வாங்கினோம்' என்றுதான் காட்டும். வாங்காத பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிடும். டே குளோஸுக்கு முன்னால் என்றால் பேமெண்ட் மோடை மாற்றி, டிக்ளைன் ஸ்லிப்பை பில்லோடு பின் அடித்து, ஒரு வரி காரணம் எழுதினால் முடிந்தது. குளோஸ் ஆனபின் பெரும்பாலான சாஃப்ட்வேர்களில் பழைய தேதியில் கை வைக்க முடியாது. அடுத்த நாள் கணக்கில் அட்ஜஸ்ட்மெண்ட் போட்டு, அதற்கு மேனேஜர் கையெழுத்தும் வாங்க வேண்டும்.

இதற்கு அடுத்த தவறு நேரத்தில் வருகிறது. ஹோட்டலின் நாள் பன்னிரண்டு மணிக்கு முடிவதில்லை, நாம் டே குளோஸ் போடும்போதுதான் முடிகிறது. கார்டு மெஷினுக்கும் யுபிஐ ஆப்புக்கும் இது தெரியாது. சில மெஷின்களில் ராத்திரி பதினொன்றுக்குத் தானாகவே செட்டில்மெண்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள். 11.20க்கு ஒருவர் 3,000 அட்வான்ஸ் ஸ்வைப் செய்தால், சாஃப்ட்வேரில் அது இன்றைய தேதி, மெஷினில் நாளைய பேட்ச். இன்று 3,000 குறைகிறதே என்று பயந்துபோய் ஏதாவது அட்ஜஸ்ட்மெண்ட் போட்டால், நாளைக்கு 3,000 கூடும். பேட்சை டே குளோஸுக்கு முன்பு நீங்களே செட்டில் செய்யும்படி மாற்றிக்கொள்வது நல்லது. மாற்ற முடியாவிட்டால், பேட்ச் முடிந்தபின் வந்த ஸ்லிப்புகளைத் தனியாக வைத்து அவற்றைக் கூட்டிப் பாருங்கள். யுபிஐ ரிப்போர்ட்டையும் தேதி வைத்து எடுக்காமல், நேற்று குளோஸ் போட்ட நேரத்திலிருந்து இன்று குளோஸ் போடும் நேரம் வரை என்று எடுக்க வேண்டும்.

வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எண் இடம் மாறி விழுந்திருக்கலாம் என்பது பழைய கணக்குப்பிள்ளை வழி. ரெஸ்டாரண்ட் பில் 1,530ஐ 1,350 என்று அடித்திருந்தால் 180 இடிக்கும், அது 9-ஆல் வகுபடும். ஆனால் இதை நம்பியே இருக்கக் கூடாது. மேலே சொன்ன 2,520-உம் 9-ஆல் வகுபடும்தான், அங்கே எந்த எண்ணும் மாறவில்லை.

ஆள் தங்கியிருக்கும் ரூம்களின் பில்லில் அன்றைய வாடகையை ஏற்றும் ரூம் போஸ்டிங்கை, ஹவுஸ்கீப்பிங் ரிப்போர்ட் பார்க்காமல் ஓட்டுவது இன்னொரு வழக்கமான தவறு. கெஸ்ட் பணம் கட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார், சாஃப்ட்வேரில் செக்-அவுட் அடிக்க மறந்திருப்பார்கள். காலி ரூமுக்கு ஒரு நாள் வாடகையும் ஜிஎஸ்டியும் ஏறிவிடும். ரூம்பாய் சாயங்காலம் எழுதிய தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து நிமிஷ வேலை. அதோடு வாடகையையும் ஒரு கண் பாருங்கள். முகூர்த்த நாளில் யாராவது ரேட்டைக் கையால் ஏற்றியிருப்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை 5%, அதற்கு மேல் 18%. 7,500க்கு வரி 375 ரூபாய், 7,800 என்றால் முழுத் தொகைக்கும் 18% போட்டு 1,404. ரேட்டை ஏற்றியவர் இதை கெஸ்டிடம் சொல்லியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

பனியன் கம்பெனிகளுக்கு வரும் பையர்கள் தங்கும் ஹோட்டல்களில், 'பில் கம்பெனிக்கு' என்று வருவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். கம்பெனி லெட்டரில் ரூமும் காலை டிபனும் மட்டும் என்றிருக்கும். ராத்திரி சாப்பாடும் லாண்டரியும் அதே பில்லில் ஏறியிருக்கும். கெஸ்ட் போனபின் கம்பெனி அதைத் தர மறுத்தால் கேட்க ஆள் கிடையாது. லெட்டரில் இல்லாததை அன்றன்றைக்கே கெஸ்ட் பில்லுக்கு மாற்றிவிடுங்கள்.

கடைசியாக விடியற்காலை கெஸ்ட். சென்னை ரயிலில் வருபவர் நாலரைக்கு கவுண்டரில் நிற்பார். அதற்குள் குளோஸ் போடாமல் இருந்து, அவரைப் பழைய தேதியிலேயே செக்-இன் செய்து, அப்புறம் ரூம் போஸ்டிங்கை ஓட்டினால், அவருக்கு முடிந்துபோன நாளின் வாடகையும் சேர்ந்து ஏறும். இருபத்து நாலு மணி நேர செக்-அவுட் என்று போர்டு வைத்திருக்கும் ஹோட்டலில் இது நேராகச் சண்டையில்தான் முடியும். கணக்கு இன்னும் இடிக்கிறது, கெஸ்ட் வந்துவிட்டார் என்றால், ரிஜிஸ்ட்ரேஷன் கார்டில் வந்த நேரத்தை எழுதி, ஐடி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுங்கள். எந்த ரூம் என்பதைக் கவுண்டர் நோட்டிலும் எழுதி, அந்த ரூமை வேறு யாருக்கும் போகாமல் பிளாக் செய்யுங்கள். டே குளோஸ் முடித்துத் தேதி மாறியதும் முதல் வேலையாக அவரை செக்-இன் செய்து, வந்த நேரம் நாலரை என்று திருத்திவிடுங்கள்.