வயல் படத்தில் நிற்பது கொக்கா, நாரையா, குருகா: கழுத்தும் காலும் ஏமாற்றும் இடங்கள்

நெல்வயலில் எடுத்த படத்தில் ஒரு பறவை நின்றால் பலரும் முதலில் கழுத்தைப் பார்க்கிறார்கள். நீண்ட கழுத்து என்றால் நாரை, ஒடுங்கிய கழுத்து என்றால் குருகு என்று முடித்துவிடுகிறார்கள். அடுத்தது காலின் நிறம். இரண்டுமே நல்ல அடையாளங்கள்தான். ஆனால் எந்தப் பறவைக்கு எது கைகொடுக்கும் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் நம்பினால், பெயர் தப்பாகத்தான் போகும்.

முதல் தவறு, கழுத்தின் நீளத்தை வைத்து இனத்தைச் சொல்வது. கொக்கு, நாரை, குருகு எல்லாம் ஒரே குடும்பம். கழுத்து எலும்புகளில் ஒன்று மற்றவற்றைவிட வேறு வடிவில் இருப்பதால், இவற்றின் கழுத்து அந்த இடத்தில் மடிந்து சுருண்டுகொள்ளும்; இரை தெரிந்ததும் சட்டென்று நீளும். வரப்பில் தோளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மடையான் என்ற பழுப்புக் கொக்குக்குக் கழுத்தே இல்லாதது போலிருக்கும். ஒரு தவளை அசைந்ததும் அதே மடையான் உடம்பு நீளத்துக்குக் கழுத்தை நீட்டிவிடும். ஆக, நிற்கும் பறவையின் கழுத்து அது அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது.

கழுத்தை நம்பக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று, பறக்கும் படம். கொக்கு, நாரை, குருகு மூன்றும் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். டெல்டா வயல்களில் கூட்டமாக இறங்கும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் கழுத்தை நேராக நீட்டிப் பறக்கும். பெயரில் நாரை இருந்தாலும் நத்தைகுத்தி வேறு குடும்பம். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: கொக்கு வரப்பிலிருந்து எழும்பும் முதல் சில சிறகடிப்புகளில் கழுத்தை நீட்டித்தான் இருக்கும். அந்த நொடியில் எடுத்த படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. இரண்டாவது இடம், பெரிய வெண்கொக்கு. அதன் கழுத்து உடம்பைவிட நீளம். நடுவில் ஒடித்து வைத்தது போன்ற கோணம் ஒன்று தெரியும். கழுத்தை நீட்டினாலும் அந்த ஒடிவு லேசாகத் தெரியும்.

இனி கால். ஐப்பசியில் தாளடி நடவுக்குத் தொளி கலக்கிய வயல் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டருக்குப் பின்னால் வெள்ளைப் பறவைகள் மூன்று. மூன்றின் காலும் கறுப்பாகத் தெரிகிறது, பாதம் சேற்றுக்குள். மூன்றையும் சின்ன வெண்கொக்கு என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான தவறு. சின்ன வெண்கொக்கின் அடையாளம் கறுப்புக் காலோடு மஞ்சள் பாதம். பாதம் சேற்றில் இருந்தால் மிஞ்சுவது வெறும் கறுப்புக் கால். அது நடுத்தர வெண்கொக்குக்கும் உண்டு, பெரிய வெண்கொக்குக்கும் உண்டு, உண்ணிக்கொக்குக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

ஆகவே காலை விட்டு அலகுக்குப் போகிறோம். முதல் பறவையின் அலகு மெலிந்து கறுப்பாக இருக்கிறது. அதே வரிசையில் எடுத்த அடுத்த படத்தில் அது கால் தூக்குகிறது, மஞ்சள் விரல்கள் தெரிகின்றன. சரி, சின்ன வெண்கொக்கு. இரண்டாவதன் அலகு குட்டையாக, மஞ்சளாக இருக்கிறது; தாடைக்குக் கீழே இறகு உப்பி மோவாய் தடித்துத் தெரிகிறது. அது உண்ணிக்கொக்கு. மூன்றாவதுக்கும் மஞ்சள் அலகுதான், நுனி மட்டும் கருமை. சேற்றுக்கு மேலே தெரியும் கால் முழுக்கக் கறுப்பு. இங்கே வாய்க்கோட்டைப் பார்க்க வேண்டும். வாய் பிளக்கும் அந்தக் கோடு கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தர வெண்கொக்கு. கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய வெண்கொக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நம் பறவைக்குக் கோடு கண்ணுக்குக் கீழேயே முடிகிறது. நடுத்தர வெண்கொக்கு என்று தைரியமாக எழுதலாம்.

காலின் நிறம் ஆண்டு முழுவதும் ஒன்றாக இருக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. வேடந்தாங்கலில் கூடு கட்டும் காலமும் சம்பாப் பயிர் வயலில் நிற்கும் காலமும் ஒன்றோடொன்று கலந்தே வருகின்றன. அந்த நாட்களில் சின்ன வெண்கொக்கின் மஞ்சள் பாதம் செம்மஞ்சளாக மாறலாம், உண்ணிக்கொக்கின் காலில் மஞ்சளோ சிவப்போ ஏறலாம், மடையானின் கால் சிவந்துபோகலாம். பெரிய வெண்கொக்கின் மஞ்சள் அலகே கறுத்துவிடும். இதற்கு நேர்மாறாக, சின்ன வெண்கொக்கின் இளம் பறவைக்குக் கால் மங்கிய பச்சையாக இருக்கும். நிறம் புத்தகத்தோடு ஒத்துவரவில்லை என்றதும் அரிய பறவை கிடைத்துவிட்டதாக அறிவிப்பதற்கு முன்னால் மாதத்தையும் பறவையின் வயதையும் யோசிக்க வேண்டும்.

மடையானையும் குருகையும் பிரிக்கும் இடத்தில்தான் மிக அதிகமாகத் தவறு நடக்கிறது. இங்கே காலின் நிறம் உதவவே உதவாது. மடையான், செங்குருகு, மஞ்சள் குருகு மூன்றுக்கும் கால் பசுமஞ்சள் சாயலில்தான் இருக்கும். கழுத்தும் உதவாது. ஆபத்து என்றால் குருகு அலகை வானத்துக்குத் தூக்கி, தாள்களுக்கு நடுவே தாளாக நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் பயந்த மடையானும் கழுத்தை விறைத்து நிமிர்ந்து நிற்கும். கழுத்தில் பழுப்புக் கோடுகள் மடையானுக்கும் உண்டு, செங்குருகின் பெட்டைக்கும் உண்டு.

அப்புறம் எதைப் பார்ப்பது? முதுகையும் இறக்கையையும். இனப்பெருக்கக் காலம் அல்லாத நாட்களில் மடையானின் முதுகு புள்ளியில்லாத மண்பழுப்பு. இறக்கை வெள்ளை, மடித்து வைத்திருக்கும்போதும் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கீற்று எட்டிப் பார்க்கும், பறந்தால் பளீரென்று தெரியும். செங்குருகுக்கு இறக்கை முழுக்கச் செம்பழுப்பு. பெட்டையின் முதுகில் வெளிர் புள்ளிகள் சிதறியிருக்கும். மஞ்சள் குருகு பறக்கும்போது வெளிர் மஞ்சள் இறக்கையின் ஓரம் கறுப்பு. எங்கேயாவது வெள்ளை இறக்கை தெரிந்தால் குருகு என்ற எண்ணத்தையே விட்டுவிடலாம். நிற்கும் இடமும் ஒரு குறிப்பு. மடையான் வரப்பில் வெட்டவெளியில் நிற்கும். குருகு கோரையையோ நெல்தாளையோ விரலால் பற்றிக்கொண்டு ஏறி நிற்கும். கருங்குருகு கறுத்த உடம்பும் கழுத்தின் பக்கத்தில் மஞ்சள் பட்டையும் கொண்டது, அதில் குழப்பம் குறைவு.

கடைசியாக, வெளிச்சம். வெள்ளைப் பறவையின் அடிப்பகுதியில் இளம்பயிரின் பச்சை பட்டுத் தெறிக்கும். கறுப்புக் கால்கூடப் பச்சையாகத் தெரியும். காய்ந்த சேறு கறுப்புக் காலைச் சாம்பலாக்கிவிடும், அதனால் நிறத்தை மேல்மூட்டுக்கு மேலேயும் பார்க்க வேண்டும். காலின் நிறத்தைப் படிப்பதற்கு முன் மார்பு இறகு உண்மையிலேயே வெள்ளையாக இருக்கிறதா என்று பாருங்கள். மாலை வெயிலில் அது மஞ்சளாகத் தெரிந்தால் காலின் மஞ்சளையும் நம்ப முடியாது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை குறைத்து வைத்தால், கருத்த சேற்றைப் பார்த்துக் கேமரா வெள்ளையை வெளிறடிக்காது. அலகின் நிறமும் வாய்க்கோடும் படத்தில் மிஞ்சும். நின்ற படம் ஒன்றோடு விடாமல், கால் தூக்கும் நேரத்திலும் எழும்பும் நேரத்திலும் தொடர்ச்சியாக நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள். பாதமும் இறக்கையும் அப்போதுதான் வெளியே வரும்.